ஊர்க் கணக்கெடுப்பு: வயதுப் பிரமிடில் பெண் குழந்தைகள் பக்கம் மட்டும் குட்டையாக வருகிறது. நிஜமா, என் தவறா?

கோரையாற்றுக்கரை (மன்னார்குடி பக்கம்)

வணக்கம். கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் எங்கள் ஊரையே எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தோம். மன்னார்குடிக்கும் முத்துப்பேட்டைக்கும் நடுவில் இருக்கிற ஊர். மொத்தம் 2,400 பேர். பெயர், ஆணா பெண்ணா, வயது, படிப்பு, வேலை எல்லாம் எக்செல்லில் ஏற்றியாகிவிட்டது. அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் வைக்க ஒரு மக்கள்தொகை பிரமிடு போட்டுத் தரச் சொன்னார்கள்.

ஐந்து ஐந்து வயதாகப் பிரித்து, சதவீதமாக மாற்றி, ஆண்கள் பக்கத்துக்கு மைனஸ் குறி போட்டு பார் சார்ட் வரைந்தேன். Series Overlap 100%, Gap Width 5%. படம் அழகாகவே வந்தது. ஆனால் அடிப்பகுதியைப் பார்த்ததும் பயந்துவிட்டேன். 0-4 வயதில் ஆண் பக்கம் 8.0, பெண் பக்கம் 6.5. 5-9 வயதிலும் அதேபோல ஆண் பார்தான் நீளம். மேலே 60-64 வயதில் இரண்டும் சமம்.

எங்கள் ஊரில் பெண் குழந்தைகள் இவ்வளவு குறைவா? இதை அப்படியே கூட்டத்தில் காட்டினால் பெரிய பேச்சாகிவிடும். காட்டுவதற்கு முன் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தென்னந்தோப்பு (பட்டுக்கோட்டை)

தங்கச்சி, கீழே இருக்கிற அச்சைப் பாருங்கள். எக்செல் தானாகப் போட்டால் இடப்பக்கம் -10, வலப்பக்கம் 12 என்று கோணலாக வரும். அப்படி இருந்தால் இரண்டு பக்கமும் சமமாகத் தெரியாது. அச்சின் மேல் ரைட் கிளிக், Format Axis, அங்கே Minimum -0.1, Maximum 0.1 என்று நீங்களே அடித்து வையுங்கள். எனக்கும் ஒரு தடவை இப்படித்தான் ஆனது. சரி செய்ததும் படம் நேராகிவிட்டது.

நாகூர் வாசி

எனக்கும் பிரமிடில்தான் பிரச்சினை, அதனால் இங்கேயே கேட்கிறேன். வயதுப் பிரிவு 5-9 என்று அடித்தால் 05-Sep என்று மாறிவிடுகிறது. 10-14 அக்டோபர் ஆகிவிட்டது. 0-4 மட்டும் ஒழுங்காக நிற்கிறது, 15-19க்கு மேலும் தொந்தரவு இல்லை. அப்புறம் வயது எழுத்தெல்லாம் படத்தின் நடுவில் பாருக்கு மேலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. உங்களுக்கு எப்படி சரியாக வந்தது?

கோரையாற்றுக்கரை

@நாகூர் வாசி: நான் வயதுப் பிரிவைக் கையால் அடிக்கவில்லை. A நெடுவரிசையில் தொடக்க வயது, B-யில் முடியும் வயது, C-யில் இந்த சூத்திரம்:

```
=A2&"-"&B2
```

இப்படி வருவது எழுத்தாகவே இருக்கும், தேதியாக மாறாது. கடைசி வரிக்கு மட்டும் 80+ என்று அடித்துவிட்டேன். நடுவில் வரும் எழுத்துக்கு, வயது அச்சைத் தேர்ந்தெடுத்து Label Position என்ற இடத்தில் Low வையுங்கள், இடது ஓரத்துக்குப் போய்விடும்.

@தென்னந்தோப்பு அண்ணா: பார்த்துவிட்டேன். இரண்டு பக்கமும் 10 என்றே வைத்தேன். பார் நீளம் மாறவே இல்லை.

வெண்ணாற்றங்கரை (கிராம சுகாதார செவிலியர், ஓய்வு)

கண்ணு, நான் 30 வருஷத்துக்கும் மேலே திருவாரூர் மாவட்டத்தில் வேலை பார்த்தவள். பிரசவப் பதிவேடும் தடுப்பூசிப் பதிவேடும் என் கையாலேயே எழுதியவை. கருவில் என்ன குழந்தை என்று பார்த்துக் கலைப்பது நம் பக்கம் நடக்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எட்டுக்கு ஆறரை என்றால், 100 பையனுக்கு 81 பெண். அவ்வளவு வித்தியாசம் இருந்தால் தடுப்பூசி நாளன்று வரிசையில் நிற்கிற குழந்தைகளைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். உங்கள் ஊர் செவிலியரிடம் பதிவேட்டைக் காட்டச் சொல்லி ஒப்பிட்டுப் பாருங்கள். எனக்கு என்னவோ கணக்கில்தான் சந்தேகம்.

குடமுருட்டி (தஞ்சாவூர், புள்ளியியல் பணியில் இருந்தவர்)

அம்மா சொல்வதுதான் சரியான உணர்வு. படத்தை விட்டுவிட்டு முதலில் எண்களைப் பார்ப்போம். இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, 0-4, 25-29, 60-64 மூன்று வரிகளில் ஆண் எத்தனை பேர், பெண் எத்தனை பேர். சதவீதம் வேண்டாம், தலைகள் மட்டும். இரண்டு, சதவீதம் எடுக்க எதால் வகுத்தீர்கள்? சூத்திரத்தை அப்படியே ஒட்டுங்கள்.

தென்னந்தோப்பு சொன்ன அச்சு விஷயம் செய்ய வேண்டிய ஒன்றுதான், நடுக்கோடு நடுவில் நிற்கும். ஆனால் இந்தப் படத்தில் அது காரணமாக இருக்க முடியாது. இரண்டு பக்கமும் ஒரே அச்சில் இருப்பதால், -10 முதல் 12 வரை இருந்தாலும் ஒரு சதவீதத்தின் நீளம் இரண்டு பக்கமும் ஒன்றுதான். ஆணுக்கு ஒரு சார்ட், பெண்ணுக்கு ஒரு சார்ட் என்று தனித்தனியாக வரைந்து பக்கத்தில் வைத்தாலோ, பெண் பக்கத்தை Secondary Axis-க்கு மாற்றினாலோதான் அளவுகோல் வேறுபட்டு ஏமாற்றும். தென்னந்தோப்பு, நீங்கள் அப்படித்தான் வரைந்திருந்தீர்களா?

தென்னந்தோப்பு

ஆமாம் ஐயா, நான் Secondary Axis-தான் வைத்திருந்தேன். ஒரே அச்சில் கோணல் பாதிக்காது என்பது இப்போதுதான் புரிகிறது.

கோரையாற்றுக்கரை

ஐயா, கேட்டவை:

0-4: ஆண் 88, பெண் 84
25-29: ஆண் 66, பெண் 120
60-64: ஆண் 55, பெண் 65

மொத்தம் ஆண் 1,100, பெண் 1,300. ஆண் எண்ணிக்கை D-யில், பெண் E-யில். சதவீதம் இப்படி:

```
=-D2/SUM(D$2:D$18)
=E2/SUM(E$2:E$18)
```

ஆண்களை ஆண்கள் மொத்தத்தால் வகுத்தேன், பெண்களைப் பெண்கள் மொத்தத்தால். அதுதானே நியாயம்?

குடமுருட்டி

கிடைத்துவிட்டது. உங்கள் ஊரில் பெண் குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. 88 பையன்களுக்கு 84 பெண்கள் என்றால் ஆயிரம் பையன்களுக்கு 955 பெண்கள். இயற்கையான பிறப்பிலேயே பையன்கள் கொஞ்சம் கூடுதலாகத்தான் பிறப்பார்கள், 100 பெண்ணுக்கு 105 பையன் அளவில். ஆயிரம் பையனுக்கு 950 சொச்சம் பெண் என்பது சாதாரணம். பயப்பட வேண்டியது வகுத்த எண்ணைப் பார்த்து.

25-29 வரியைப் பாருங்கள். 120 பெண்ணுக்கு 66 ஆண்தான் ஊரில் இருக்கிறார்கள். மற்றவர்கள் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ திருப்பூரிலோ இருப்பார்கள். 30 வயதுக்காரர்களும் 35 வயதுக்காரர்களும் அதே கதையாகத்தான் இருக்கும். இவர்கள் ஊரில் இல்லாததால் ஆண்கள் மொத்தம் 1,100 ஆகச் சுருங்கிவிட்டது. அந்தச் சுருங்கிய எண்ணால் 88-ஐ வகுக்கும்போது 8.0 வருகிறது. பெண்கள் மொத்தம் 1,300, அதனால் 84-ஐ வகுத்தால் 6.5. வெளிநாடு போன வாலிபர்கள் விட்டுப்போன இடத்தைச் சின்னப் பையன்களும் வயதான ஆண்களும் பங்கு போட்டு நிரப்பியதுபோலப் படம் ஆகிவிடுகிறது. 60-64 சமமாகத் தெரிந்ததும் அதனால்தான். உண்மையில் 55க்கு 65, பெண்கள்தான் அதிகம்.

இன்னொரு நஷ்டமும் உண்டு. உங்கள் படத்தில் 25-29 வயதில் 6.0-க்கு 9.2 என்று வந்திருக்கும். பெண்களின் எண்ணிக்கையில் 65 சதவீதம் ஆண்கள் இருப்பதுபோலத் தெரியும். நிஜம் 55 சதவீதம். இல்லாத குறையைக் காட்டி, இருக்கிற குறையை மறைக்கிறது.

பிரமிடுக்கு இரண்டு பக்கத்தையும் ஒரே எண்ணால், அதாவது ஊர் மொத்தத்தால் வகுக்க வேண்டும்:

```
=-D2/SUM($D$2:$E$18)
=E2/SUM($D$2:$E$18)
```

இப்போது 0-4 வரி 3.7க்கு 3.5. 25-29 வரி 2.75க்கு 5.0. சரிபார்க்க எளிய வழி: ஆண் சதவீதங்களைத் தனியாகக் கூட்டுங்கள், மைனஸை விட்டுவிட்டு. 45.8 வர வேண்டும். பெண் பக்கம் 54.2. இரண்டு பக்கமும் தனித்தனியாக 100 வந்தால் பழைய தவறுதான். அச்சில் மைனஸ் தெரியாமல் இருக்க Number Format-ல் `0.0%;0.0%` போடுங்கள். அச்சு எல்லையையும் 6 சதவீதம் அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம்.

ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். 172 குழந்தைகளை வைத்துப் பாலின விகிதம் பற்றி எதுவும் தீர்மானமாகப் பேசக் கூடாது. காசு சுண்டுவதுபோலத்தான், 172 தடவை சுண்டினால் பத்துப் பன்னிரண்டு இப்படி அப்படிப் போவது சாதாரணம். நாளைக்கு உங்கள் ஊரிலேயே 80 பையன், 92 பெண் என்று வந்தாலும் அதிலிருந்து கதை கட்டக் கூடாது.

கோரையாற்றுக்கரை

ஐயா, மாற்றிப் போட்டுவிட்டேன். இரண்டு நாளாகத் தூக்கமில்லாமல் இருந்தேன். அடிப்பகுதி இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டது. ஆனால் இடப்பக்கம் 20 முதல் 44 வரை கடித்து எடுத்ததுபோல ஒரு பள்ளம் தெரிகிறது. பழைய படத்தில் அது அவ்வளவு கண்ணில் படவில்லை. பள்ளத்துக்கு நேர் எதிரே பெண் பக்கத்தில்தான் நீளமான பார்கள். எங்கள் ஊரைப் பற்றி யாராவது கேட்டால் முதலில் சொல்ல வேண்டியதே இதுதான் என்று தோன்றுகிறது.

அம்மா, பதிவேட்டையும் பார்த்தேன். நீங்கள் சொன்னபடியே குழந்தைகளில் வித்தியாசம் இல்லை.

தென்னந்தோப்பு

எனக்கு ஒரு ஆட்சேபம். வெளிநாட்டில் இருப்பவன் ஊர்க்காரன் இல்லையா? குடும்ப அட்டையில் பெயர் இருக்கிறது, வாக்காளர் பட்டியலில் இருக்கிறது, கோயில் வரி கட்டுகிறான். என் தம்பி தோகாவில் இருக்கிறான், இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறான். அவனை விட்டுவிட்டு ஊர்ப் பிரமிடு என்றால் அது ஊரா? குடும்ப அட்டையை வைத்துக் கணக்கெடுத்தால் பள்ளமே வராது.

குடமுருட்டி

வராது, அதுதான் சங்கடம். யாரை எண்ணினோம் என்பதைப் பொறுத்துப் பிரமிடின் உருவமே மாறும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிப்ரவரி 9 முதல் 28 வரை ஆள் எடுத்தார்கள். அந்த நாட்கள் முழுவதும் வெளியூரில் இருந்தவரை வீட்டுக் கணக்கில் சேர்க்கவில்லை. தஞ்சாவூர் மாவட்டத்தில் ஆயிரம் ஆணுக்கு 1,035 பெண் என்று வந்ததே, மாநிலம் முழுக்க 996 இருக்கும்போது. அதற்குப் பின்னால் உங்கள் தம்பி போன்றவர்களும் இருக்கிறார்கள். மலர் கணக்கெடுத்த ஊரைக் கணக்கெடுப்பு அட்டவணையோடு ஒப்பிட வேண்டுமானால் ஊரில் இருப்பவர்களை மட்டும்தான் எடுக்க வேண்டும். ஐந்து வயதுப் பிரிவு C-14 அட்டவணையில் மாவட்ட அளவில் கிடைக்கும். கிராம அளவில் வெளியிடும் சுருக்கத்தில் 0-6 வயதுக் குழந்தைகள் எத்தனை பேர் என்பது மட்டும்தான் உண்டு, பிரமிடு போட முடியாது. அதனால்தான் இந்த மாதிரி வீட்டுக்கு வீடு போன வேலைக்கு மதிப்பு.

தென்னந்தோப்பு கேட்பதும் நியாயமான கேள்விதான். இரண்டையும் ஒரே படத்தில் காட்டலாம். வெளியில் இருப்பவர்களின் வயதையும் எழுதி வைத்திருக்கிறீர்களா?

கோரையாற்றுக்கரை

(மலர் என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள் ஐயா, பழைய இழையில் பெயர் போட்டிருந்தேனா!)

எழுதி வைத்திருக்கிறோம். தனித் தாளில் இருக்கிறது. வெளியில் இருக்கிற ஆண்கள் 190 பேர். அதில் 25-29 வயதில் 51 பேர். பெண்கள் யாரும் இல்லை, கல்யாணமாகிப் போனவர்களைக் கணக்கில் எடுக்கவில்லை.

முயற்சி செய்து பார்த்தேன், மூன்றாவது வரிசையாகச் சேர்த்தால் ஆண் பார் மேலேயே ஏறி மறைத்துக்கொள்கிறது.

குடமுருட்டி

ஆமாம், பழைய இழையில் கையெழுத்து வரியில் இருந்தது. பொதுவில் வேண்டாம் என்றால் இனி கோரையாறு என்றே கூப்பிடுகிறேன்.

நீங்கள் Clustered Bar எடுத்து Overlap 100 வைத்திருப்பதால் ஒன்றின் மேல் ஒன்று விழுகிறது. Change Chart Type போய் Stacked Bar எடுங்கள். அதில் மைனஸ் எண்கள் பூஜ்ஜியத்திலிருந்து இடப்பக்கம் ஒன்றையடுத்து ஒன்றாக அடுக்கும். இந்தப் படத்துக்குச் சதவீதம் வேண்டாம், தலைகளையே போடுங்கள். ஒரே ஊர்தானே, வேறு ஊரோடு ஒப்பிடவில்லை. மொத்தம் 2,400-ஆ 2,590-ஆ என்ற சண்டையும் வராது.

மூன்று நெடுவரிசை: ஊரில் இருக்கிற ஆண் (மைனஸ்), வெளியில் இருக்கிற ஆண் (மைனஸ்), பெண். Number Format `0;0`. 25-29 வரியில் இடப்பக்கம் 66 வரை அழுத்தமான நிறம், அதற்கு அப்பால் 51 பேருக்குக் கோடு போட்ட வெளிர் நிறம். சேர்த்தால் 117, எதிரே 120 பெண். Select Data பட்டியலில் ஊரில் இருக்கிறவர்கள் முதலில் வர வேண்டும். மாறியிருந்தால் வெளியில் இருப்பவர்கள் நடுக்கோட்டை ஒட்டி வந்துவிடுவார்கள், பள்ளம் உள்ளே போய் ஒளிந்துகொள்ளும்.

தென்னந்தோப்பு

இது நல்ல வழி. என் தம்பி படத்தில் இருக்கிறான், ஆனால் ஊரில் இல்லை என்பதும் தெரிகிறது. எங்கள் ஊருக்கும் இப்படி ஒன்று போட வேண்டும்.

வெண்ணாற்றங்கரை

எனக்கு இன்னொன்று கண்ணில் படுகிறது. 60-64 பார் அதற்கு மேலும் கீழும் இருக்கிறதைவிட நீளமாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. எனக்குத் தெரிந்து இதற்கு முதியோர் உதவித்தொகைதான் காரணம். 60 ஆனால்தானே மனு போட முடியும். 57, 58 வயதுக்காரர்கள் கணக்கெடுக்க வந்தவரைப் பார்த்தாலே அறுபது என்றுதான் சொல்வார்கள். நான் வீடு வீடாகப் போனபோதும் அப்படித்தான் சொன்னார்கள்.

தென்னந்தோப்பு

அப்படியானால் 55 முதல் 64 வரை ஒரே பாராக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததே?

குடமுருட்டி

வேண்டாம். பத்து வயதை ஒரு பாரில் போட்டால் பக்கத்து ஐந்து வயதுப் பாரைப்போல இரண்டு மடங்கு நீளும். சேர்த்தே ஆக வேண்டுமென்றால் எண்ணிக்கையை இரண்டால் வகுத்துத்தான் வரைய வேண்டும், அதைக் கீழே எழுதவும் வேண்டும். துருத்தலை மறைப்பதைவிட என்னவென்று பார்ப்பது நல்லது. கோரையாறு, மூலத் தாளில் வயது E-யில் இருந்தால் 60-ஐயும் அதன் பக்கத்து வயதுகளையும், அப்புறம் 50-ஐயும் தனியாக எண்ணுங்கள்:

```
=COUNTIFS(Survey!$E:$E,60)
```

கோரையாற்றுக்கரை

எண்ணினேன். சரியாக 60 வயது என்று சொன்னவர்கள் 71 பேர். 59 வயது 6 பேர், 61 வயது 9 பேர். 50 வயது 58 பேர், 49 வயது 11, 51 வயது 9.

குடமுருட்டி

50-க்கு முதியோர் உதவித்தொகை இல்லை, அங்கேயும் குவிந்திருக்கிறது. ஆக, பிறந்த தேதி தெரியாதவர்கள் வயதை 50, 60 என்று முழுப் பத்தாக்கிச் சொல்வதுதான் அடிப்படை. பாதி நேரம் கணக்கெடுக்கப் போன மாணவர்களே "ஒரு அறுபது இருக்குமா பாட்டி?" என்று கேட்டு எழுதியிருப்பார்கள். இதில் ஒரு சூட்சுமம் உண்டு: 48, 49 வயதுக்காரர் 50 என்று சொன்னால் 45-49 பாரிலிருந்து 50-54 பாருக்குத் தாவுகிறார். அதனால்தான் ஒன்று குட்டை, அடுத்தது நெட்டை.

வெண்ணாற்றங்கரை

முழுப் பத்தாகச் சொல்வார்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 50 வயதில் ஊரில் ஆட்கள் அதிகம், 60 வயதில் குறைவு. குறைவான ஆட்களில் 71 பேர், அதிகமான ஆட்களில் 58 பேர். மிச்சத்துக்கு உதவித்தொகைதான் காரணம் என்று இன்னும் நினைக்கிறேன்.

குடமுருட்டி

அது நல்ல வாதம் அம்மா. மறுக்க என்னிடம் எண் இல்லை. ஆதாரில் இருக்கிற பிறந்த ஆண்டோடு ஒரு இருபது பேரை ஒப்பிட்டால் கொஞ்சம் தெரியலாம். ஆனால் அதில் பலருக்கும் பிறந்த ஆண்டே உத்தேசமாகப் போட்டதுதான்.

நாகூர் வாசி

எனக்கு 5-9 சரியாகிவிட்டது, நன்றி. ஆனால் இப்போது பிரமிடு தலைகீழாக நிற்கிறது. 80+ கீழே, 0-4 மேலே.

கோரையாற்றுக்கரை

உங்கள் தாளில் 80+ முதல் வரியில் இருக்கும். எக்செல் முதல் வரியைத்தான் அடியில் போடும். 0-4 முதல் வரியில் வருமாறு வரிசைப்படுத்துங்கள். Categories in reverse order டிக் செய்தாலும் திரும்பும், ஆனால் கீழே இருக்கிற எண் அச்சு படத்தின் உச்சிக்குப் போய்விடும்.

ஐயா, Stacked Bar படம் வந்துவிட்டது. தலைப்பில் "ஊரில் இருப்பவர்கள் 2,400, வெளியில் இருக்கும் ஆண்கள் 190" என்று போட்டிருக்கிறேன். 60 வயதுக் குவியல் பற்றி அடியில் ஒரு வரி. நேற்று வீட்டில் அம்மாவிடம் காட்டினேன். கோடு போட்ட பகுதியைத் தொட்டு, "இதில் உன் அப்பா எங்கே?" என்று கேட்டார்கள். 45-49 வரியில் இருக்கிறார் என்று காட்டினேன்.